“முடிவு” என்று எழுதும் முன்: ஆய்வக அறிக்கைப் படிவம் பற்றி மாணவர்கள் கேட்பவை

சேலத்தில் இளங்கலை வேதியியல் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். அளந்ததை ஒரு தாளிலும் அதைப் பற்றி நினைப்பதை இன்னொரு தாளிலும் எழுத வைக்கும் ஒரு படிவத்தை எங்கள் வகுப்பில் பயன்படுத்துகிறோம். அதைக் கையில் வாங்கியதும் எல்லாரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணம் முழுக்க ஒரே சோதனைதான்: தண்ணீரின் கடினத்தன்மையை ஈடிடிஏ கரைசலால் தரம்பார்ப்பது. உதாரணத்தில் வரும் அளவீடுகள் படிவத்தை விளக்க நான் போட்டுக்கொண்டவை. எந்தக் கிணற்றுக்கும் ஏரிக்கும் அவற்றைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரெக்கார்டு நோட்டு இருக்கே மேடம், தனியா இது எதுக்கு?

ரெக்கார்டில் கடைசித் தலைப்பு என்ன? “முடிவு”. பள்ளியில் தொடங்கி அப்படித்தான் எழுதி வருகிறோம். நோக்கம், தத்துவம், செய்முறை, அட்டவணை, கணக்கீடு, அப்புறம் “முடிவு: கொடுக்கப்பட்ட நீரின் கடினத்தன்மை = இவ்வளவு”. சிக்கல் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பியூரெட்டில் பார்த்து, கணக்குப் போட்டுப் பெற்ற எண்ணையும் தமிழில் முடிவு என்கிறோம். அந்த எண்ணை வைத்து நாம் எடுக்கும் தீர்மானத்தையும் முடிவு என்கிறோம். பத்தாததற்கு நிறம் மாறும் இடத்துக்கும் “முடிவுநிலை” என்று பெயர். மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால், ஒன்றை எழுதும்போது மற்றது கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

அதனால் படிவத்தில் முதல் தாளின் தலைப்பை “பெற்ற அளவுகள்” என்று வைத்தோம். இரண்டாம் தாளில் “விவாதம்”, அதன் கீழே “முடிவு”. முதல் தாளில் முடிவு என்ற சொல்லே வராது. இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ரெண்டையும் ஒரே தாள்ல மேலயும் கீழயும் எழுதினா ஆகாதா?

ஆகும், ஆனால் நடக்காது. ஒரே தாள் என்றால் வீட்டில் உட்கார்ந்து மொத்தமாக எழுதுவார்கள். அப்போது கீழே எழுதப்போகும் விளக்கம் மனதில் இருக்கும், மேலே இருக்கும் எண் மெல்ல அதற்கேற்ப வளையும். இதை நான் பார்த்துச் சொல்லவில்லை, செய்துவிட்டுச் சொல்கிறேன். நான் படித்த கல்லூரியில் இதே சோதனையில் எனக்கு 12.3 வந்தது. முதல் மேசைக்காரர்களுக்கு 11.2. அவர்கள் எப்போதும் சரியாகச் செய்கிறவர்கள் என்று வகுப்பே நம்பியதால், நான் ரப்பர் வைத்து அழித்து 11.3 என்று எழுதினேன். மறுவாரம்தான் தெரிந்தது, அவர்கள் மேசையில் இருந்தது வேறு செறிவுள்ள ஈடிடிஏ பாட்டில். என்னுடைய பாட்டிலுக்கு 12.3 தான் சரி. அழித்த எண்ணை மீட்க வழியில்லை.

எனவே முதல் தாள் ஆய்வகத்திலேயே, பேனாவில், கிளம்புவதற்கு முன் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டாம் தாளை மறுநாளுக்கு முன் தருவதில்லை. தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதலாம். கோட்டுக்கு அடியில் பழைய எண் தெரிய வேண்டும்.

ஒரு வாக்கியம் எந்தத் தாளுக்குப் போகணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உங்கள் விளக்கம் நாளைக்குத் தப்பு என்று ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்த வாக்கியம் அப்படியே நிற்குமா? நின்றால் முதல் தாள். விழுந்தால் இரண்டாம் தாள்.

“மூன்றாம் முறை 11.2 மி.லி. செலவானது” என்பது எந்த விளக்கம் விழுந்தாலும் நிற்கும். “பாறையில் மக்னீசியம் இருப்பதால் அதிகம் செலவானது” என்பதில் செலவானது மட்டும் நிற்கும். பாறையும் நிற்காது, “அதிகம்” என்பதும் நிற்காது. எதைவிட அதிகம் என்று அந்த வாக்கியத்தில் இல்லையே.

தமிழில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. வாக்கியத்தில் “ஆல்” உருபைத் தேடுங்கள். “இருப்பதால்”, “கலந்ததால்”, “என்பதால்” என்று வந்தால் அங்கே ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. “ஆகவே”, “எனத் தெரிகிறது” இரண்டும் அதே வகை. “ஈடிடிஏவால் தரம்பார்த்தோம்” என்ற “ஆல்” கருவியைக் குறிப்பது, அது இருந்துவிட்டுப் போகட்டும். இலக்கண வகுப்பில் மூன்றாம் வேற்றுமை படித்தபோது இப்படிப் பயன்படும் என்று நான் நினைத்ததில்லை.

நிஜமா ஒருத்தர் எழுதினதை வெச்சுக் காட்டுங்களேன்.

கருப்பூர்ப் பக்கம் ஒரு வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி முதல் தடவை இப்படி எழுதிக்கொண்டு வருகிறார்:

“எங்கள் பகுதி வெள்ளைக்கல் பூமி என்பதால் நீரின் கடினத்தன்மை மிக அதிகமாக 560 மி.கி./லி. என வந்தது. இதில் பெரும்பங்கு மக்னீசியம் எனத் தெரிகிறது. முதல் அளவீடு கவனக்குறைவால் கூடியதால் விடப்பட்டது. நீர் குடிக்க உகந்ததல்ல.”

நான்கு வாக்கியம். படிக்க நன்றாக ஓடுகிறது, அதுதான் ஆபத்து. இதை அவரோடு உட்கார்ந்து பிரித்தால் இப்படி வரும்.

முதல் வாக்கியத்தில் 560 மட்டும்தான் முதல் தாளுக்குரியது. அதுவும் அனாதையாக நிற்கிறது. எவ்வளவு தண்ணீர் எடுத்தார், எத்தனை தடவை, பியூரெட் எங்கே தொடங்கியது என்பதெல்லாம் வேண்டும். அப்சர்வேஷன் நோட்டைப் புரட்டினால் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் 20 மி.லி. தண்ணீர். அம்மோனியா, அம்மோனியம் குளோரைடு தாங்கல் கரைசல் சேர்த்து பிஹெச் 10. நிறங்காட்டி எரியோகுரோம் பிளாக்-டி. பியூரெட்டில் 0.01 மோலார் ஈடிடிஏ. அளவீடுகள் 0.0 முதல் 11.6 வரை, 11.6 முதல் 22.8 வரை, 22.8 முதல் 34.0 வரை. அதாவது 11.6, 11.2, 11.2.

இரண்டாம் வாக்கியத்துக்குப் பின்னால் இன்னொரு தரம்பார்த்தல் இருக்கிறது. அதே தண்ணீரில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பிஹெச்சை 12க்கு மேல் கொண்டுபோனால் மக்னீசியம் வெள்ளையாக வீழ்படிந்துவிடும். மியூரெக்சைடு போட்டுத் தரம்பார்த்தால் கால்சியம் மட்டும் கிடைக்கும். அவருக்கு இரண்டு முறையும் 4.6 மி.லி. அறிக்கையில் இந்த எண்ணையே காணோம், “பெரும்பங்கு மக்னீசியம்” என்ற தீர்ப்பு மட்டும் இருக்கிறது. வழக்கு விசாரணையைக் காட்டாமல் தண்டனையைப் படித்த மாதிரி.

மூன்றாம் வாக்கியம் தனிக் கதை, கீழே சொல்கிறேன். நான்காவது, முதல் தாளில் வரவே கூடாது. இரண்டாம் தாளில்கூட இந்த உருவத்தில் வராது.

பிரித்த பிறகு முதல் தாளில் அவர் எழுதியது:

“20 மி.லி. மாதிரிக்குச் செலவான 0.01 மோலார் ஈடிடிஏ: 11.6, 11.2, 11.2 மி.லி. (முதல் முறையில் நீலம் வந்த பிறகும் சொட்டு விழுந்தது என அப்போதே குறித்தேன்.) எடுத்துக்கொண்ட அளவு 11.2 மி.லி. மொத்தக் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாக, 560 மி.கி./லி. கால்சியத்துக்குச் செலவானது 4.6, 4.6 மி.லி. கால்சியக் கடினத்தன்மை 230 மி.கி./லி. கழித்துப் பெற்ற மக்னீசியக் கடினத்தன்மை 330 மி.கி./லி. பியூரெட்டின் மிகச்சிறு பிரிவு 0.1 மி.லி., இது 5 மி.கி./லி.க்குச் சமம்.”

சப்பென்று இருக்கிறது என்றார். இருக்கட்டும் என்றேன்.

கணக்குப் போட்டு வர்ற எண், கண்டதா கருத்தா?

வாய்பாடு யார் போட்டாலும் ஒரே விடை தரும் என்றால் அது முதல் தாளுக்குரியது. 0.01 மோலார் ஈடிடிஏ 1 மி.லி., 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 20 மி.லி. மாதிரியை ஒரு லிட்டராக்க 50 ஆல் பெருக்குகிறோம், 11.2 × 50 = 560. இதில் கருத்து எதுவும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். “கழித்துப் பெற்ற” என்ற இரண்டு சொற்களை மக்னீசியத்துக்கு முன்னால் போடச் சொல்லியிருக்கிறேன். மக்னீசியத்தை யாரும் நேராக அளக்கவில்லை. மொத்தத்திலிருந்து கால்சியத்தைக் கழித்தால் வரும் மிச்சம் அது. கால்சியத்தில் விழும் தவறு அப்படியே எதிர்ப்பக்கம் மக்னீசியத்தில் ஏறும். இந்த இரண்டு சொற்கள் முதல் தாளில் இல்லையென்றால் விவாதம் எழுதும்போது அந்த ஞாபகமே இருக்காது.

ஒரு ரீடிங் ஒத்து வரலைன்னா விட்டுடலாமா?

சராசரியிலிருந்து விடலாம், தாளிலிருந்து விடக் கூடாது. 11.6 தாளில் இருக்க வேண்டும். அதை ஏன் சேர்க்கவில்லை என்பது எந்தத் தாளுக்குப் போகும் என்பதுதான் நுணுக்கம். நீலம் வந்த பிறகும் சொட்டு விழுந்ததைப் பார்த்து அந்த நிமிடமே குறித்திருந்தால் அது பார்த்தது, முதல் தாள். அப்படிக் குறிப்பு எதுவும் இல்லாமல் மறுநாள் “கவனக்குறைவால் கூடியிருக்கும்” என்று எழுதினால் அது ஊகம், இரண்டாம் தாள். மாணவர்கள் எழுதும் “கவனக்குறைவு” பத்தில் ஒன்பது இந்த இரண்டாம் வகைதான்.

நிறமாற்றத்திலும் இதே கதை. “ஒயின் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மெதுவாக, இடையில் ஊதாவாக நின்று மாறியது” என்பது பார்த்தது. “இரும்பு கலந்திருந்ததால் நிறம் தெளிவாக மாறவில்லை” என்பது நினைத்தது. இரும்பு, தாமிரம், அலுமினியம் போன்றவை இந்த நிறங்காட்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். இந்தத் தண்ணீரில் இரும்பு இருந்ததா என்பதை யாரும் பார்க்கவில்லையே.

அப்போ விவாதத்துல வெள்ளைக்கல்லைப் பத்தி எழுதலாமா, கூடாதா?

தாராளமாக எழுதலாம், அதற்குத்தான் அந்தத் தாள். ஆனால் விவாதத் தாளில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் உங்களுக்குப் பிடித்த விளக்கம். இரண்டாம் கட்டத்தில் அதே எண்ணைத் தரக்கூடிய வேறொரு விளக்கம். இரண்டாவது காலியாக இருந்தால் தாளைத் திருப்பித் தருவேன்.

பிடித்த விளக்கம் சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சேர்வராயன் மலையடிவாரத்தில், ஆங்கிலேயர் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்த பகுதியில், மக்னீசியம் நிறைந்த பாறையும் அதற்குள் வெள்ளை நரம்பாக ஓடும் மேக்னசைட்டும் இருக்கின்றன. மேக்னசைட் என்பது மக்னீசியம் கார்பனேட். நிலத்தடி நீர் அந்தப் பாறை வழியே இறங்கினால் மக்னீசியத்தைக் கரைத்துக்கொண்டு வரும். நியாயமான விளக்கம். ஆனால் அதை எழுதும்போதே பாறையும் சுரங்கமும் ஒன்றல்ல என்பதைப் பிரிக்க வேண்டும். யாரும் தோண்டாவிட்டாலும் அந்தப் பாறை தண்ணீரில் மக்னீசியம் தரக்கூடியது. “சுரங்கத்தால் வந்தது” என்று ஒரே ஒரு கிணற்றை வைத்து எழுதினால் அது வேதியியல் அல்ல, வேறு ஏதோ.

இரண்டாவது கட்டம்தான் சுவையானது. மக்னீசியம் நிறைய இருக்கும் தண்ணீரில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்ததும் மக்னீசியம் ஹைட்ராக்சைடு கட்டியாக வீழ்படியும். அந்த வெள்ளை வீழ்படிவு சும்மா கீழே இறங்காது. கொஞ்சம் கால்சியத்தையும் நிறங்காட்டியையும் தன் மேல் பிடித்துக்கொள்ளும். அப்போது கால்சியம் உள்ளதைவிடக் குறைவாக வரும். கழித்துப் பெறும் மக்னீசியம் உள்ளதைவிடக் கூடுதலாக வரும். அதாவது “பெரும்பங்கு மக்னீசியம்” என்பதில் ஒரு பகுதியைப் பாறை தந்திருக்கலாம், ஒரு பகுதியை நம் செய்முறையே தந்திருக்கலாம்.

எது எவ்வளவு என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே 20 மி.லி. மாதிரியில், செறிவு தெரிந்த 0.01 மோலார் கால்சியம் கரைசலை 2.0 மி.லி. கூடுதலாக விட்டு மறுபடி தரம்பார்க்க வேண்டும். எதுவும் தொலையவில்லையென்றால் 4.6 என்பது 6.6 ஆக வேண்டும். மாணவி செய்து பார்த்தபோது 6.4 வந்தது என்று கொள்வோம். போட்ட 2.0 இல் 1.8 தான் திரும்பி வந்திருக்கிறது, 90 விழுக்காடு.

“அப்ப என் கால்சியமும் தொலைஞ்சிருக்குங்களா மேடம்?” என்று கேட்டார். தொலைந்திருக்கலாம். அதே விகிதத்தில் தொலைந்ததாக வைத்தால் 4.6 ஐ 0.9 ஆல் வகுத்து 5.1 மி.லி., அதாவது கால்சியம் சுமார் 255, மக்னீசியம் சுமார் 305. மக்னீசியம்தான் இன்னமும் கூடுதல். ஆக “மக்னீசியம் கால்சியத்தைவிட அதிகம்” என்பது செய்முறைக் குறையைத் தாங்கி நிற்கிறது. 330 என்ற எண்தான் ஆடுகிறது. 0.2 மி.லி. வித்தியாசமும் பியூரெட்டில் இரண்டே பிரிவு, அதனால் ஒரே ஒரு தடவை செய்த இந்தச் சோதனையை வைத்து 305 தான் உண்மை என்றும் சொல்ல முடியாது. மூன்று முறையாவது செய்ய வேண்டும். விவாதம் இப்படித்தான் இருக்க வேண்டும், எது நிற்கிறது எது ஆடுகிறது என்று சொல்வதாக.

அந்த 6.4 ஐ எங்க எழுதுறது? விவாதம் எழுதும்போதுதானே வந்துச்சு.

முதல் தாளுக்கே திரும்பிப் போக வேண்டும், புதுத் தேதியோடும் கையெழுத்தோடும். யோசனை வந்த இடம் விவாதம், எண் வந்த இடம் பியூரெட். விவாதத் தாளில் புது எண் பிறக்கக் கூடாது என்பது எங்கள் படிவத்தின் கறாரான ஒரே விதி. விவாதத்தில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் முதல் தாளில் ஒரு வரி எண் இருக்க வேண்டும். 255, 305 போன்றவை முதல் தாளின் எண்களிலிருந்து ஓர் அனுமானத்தின் பேரில் வந்தவை. அவற்றை விவாதத்திலேயே வைத்து, “அதே விகிதத்தில் தொலைந்ததாகக் கொண்டால்” என்ற வாலை வெட்டாமல் எழுதலாம்.

“குடிக்க உகந்ததல்ல”ங்கிறதை ஏன் அடிச்சீங்க? 560 அதிகம்தானே?

எதோடு ஒப்பிட்டு? இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, 2012 பதிப்பு, மொத்தக் கடினத்தன்மைக்கு இரண்டு எண்கள் தருகிறது. ஏற்கத்தக்க வரம்பு 200 மி.கி./லி. வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் வரம்பு 600 மி.கி./லி. நம் 560 இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. எந்த வரம்பைச் சொல்கிறோம் என்று எழுதாமல் “உகந்ததல்ல” என்றால் படிக்கிறவர் அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்வார். அதோடு குடிக்க உகந்ததா என்பது கடினத்தன்மையை மட்டும் வைத்துச் சொல்வதில்லை. ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி எதையும் நாம் தொடவில்லை.

ஆகவே இரண்டாம் தாளின் அடியில், “முடிவு” என்ற தலைப்பில், அவர் கடைசியாக எழுதியது இரண்டே வாக்கியம்: “எடுத்த நாளில் இந்த மாதிரியின் மொத்தக் கடினத்தன்மை 560 மி.கி./லி., இது ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க வரம்பைத் தாண்டுகிறது, மாற்று ஆதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் வரம்புக்குள் இருக்கிறது. கடினத்தன்மையில் மக்னீசியத்தின் பங்கு கால்சியத்தின் பங்கைவிட அதிகம்.” பாறையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை பாருங்கள். அது விவாதத்தில் ஒரு வாய்ப்பாகவே தங்கிவிட்டது. சோதனையின் நோக்கம் கடினத்தன்மையை அளப்பது, பாறையைக் கண்டுபிடிப்பது அல்ல.

முடிவு எழுதியதும் நோக்கத்தை மறுபடி படித்துப் பாருங்கள். நோக்கம் கேட்காத ஒன்றுக்கு முடிவு பதில் சொன்னால் அதைத் தூக்கி விவாதத்தில் போடுங்கள்.

ஏற்காடு ஏரித் தண்ணிக்கு “மென்னீர்”னு முதல் தாள்லயே எழுதலாமா? பார்த்தாலே தெரியுதே, சோப்பு நுரைக்குது.

நுரைத்ததை எழுதலாம். மென்னீர் என்பது வகைப்பாடு, அதற்கு ஒரு எல்லைக்கோடு வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை போட்டிருக்கும் பாகுபாட்டில் 60 மி.கி./லி. வரை மென்னீர், 61 முதல் 120 வரை ஓரளவு கடினநீர்.

மலைக்கு மேலிருந்து கொண்டுவந்த மாதிரியில் 20 மி.லி.க்கு 1.2 மி.லி. செலவானால் விடை 60. மென்னீர் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் பியூரெட்டில் ஒரு பிரிவு தவறினாலே 5 மி.கி./லி. மாறும். 55 ஆகவும் இருக்கலாம், 65 ஆகவும் இருக்கலாம். அதனால் குறைந்த கடினத்தன்மையுள்ள தண்ணீருக்கு 100 மி.லி. எடுக்கச் சொல்வேன். அப்போது ஒரு பிரிவு 1 மி.கி./லி.தான். அப்படிச் செய்து 6.1 மி.லி. செலவானால் விடை 61, வகை மாறிவிட்டது! ஏரி மாறவில்லை, தண்ணீரும் மாறவில்லை. கோட்டின் மேல் நிற்கும் எண்ணை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதுதான் மாறியது. 60 உம் 61 உம் முதல் தாளில் இருக்கட்டும், “மென்னீர்” விவாதத்தில் எல்லைக்கோட்டோடு சேர்ந்து வரட்டும்.

விடை தப்பா வந்துட்டா மார்க் போயிடுமே?

முதல் தாளுக்கு எண்ணின் மதிப்பை வைத்து மதிப்பெண் போடுவதில்லை. எல்லா அளவீடும் இருக்கிறதா, அலகு இருக்கிறதா, காரணம் நுழையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். வகுப்பிலிருந்து விலகி நிற்கும் எண் வந்தால் இரண்டாம் தாளில் எழுத விஷயம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒரே 11.2 வரும் வகுப்புதான் எனக்குச் சந்தேகத்தைத் தரும்.

ஆய்விதழ்கள்ல ரெண்டையும் சேர்த்துத்தானே எழுதுறாங்க?

சில இதழ்கள் அப்படி அனுமதிக்கின்றன. கட்டுரை நீளமாகி, ஒவ்வொரு சோதனையும் அடுத்ததற்கு வழிகாட்டும்போது பிரித்து எழுதினால் படிக்கிறவர் முன்னும் பின்னும் அலைய வேண்டியிருக்கும். ஆனால் அங்கேயும் நல்ல கட்டுரை என்றால் ஒரு பத்திக்குள் எது அளந்தது எது கருதியது என்று வாக்கியத்துக்கு வாக்கியம் தெரியும். மூன்றாம் ஆண்டு புராஜெக்டில் சேர்த்து எழுத விடுகிறேன், அதற்கு முன் இல்லை.

செமஸ்டர் பிராக்டிகல்ல வெளி எக்ஸாமினர் பழைய மாதிரி கேட்டா?

பழைய மாதிரியே எழுதுங்கள். தேர்வில் “முடிவு” என்ற தலைப்பின் கீழ் எண்ணைத்தான் எதிர்பார்க்கிறார்கள். முதல் தாளில் கணக்கிட்ட கடினத்தன்மையை அங்கே எழுதிவிட்டால் போதும், விவாதத்துக்கு அங்கே இடமும் இல்லை, நேரமும் இல்லை. வைவாவில் “மக்னீசியம் எப்படி இவ்வளவு வந்தது?” என்று கேட்டால் மட்டும் இரண்டாம் தாளை நினைவிலிருந்து எடுங்கள். இரண்டு விளக்கத்தையும் சொல்லுங்கள், 6.4 ஐயும் சொல்லுங்கள்.